ஆறு லிட்டர் கடலை எண்ணெய்

டாக்டரிடம் குடியைப் பற்றிப் பொய் சொல்வார்கள். என்னிடம் எண்ணெயைப் பற்றிச் சொல்வார்கள். பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "எண்ணெயா, தொடறதே இல்லீங்க" என்று சொல்பவரின் சட்டைப் பையில் போண்டா மடித்த காகிதம் எட்டிப் பார்ப்பதைக் கண்டும் காணாததுபோல் இருக்கப் பழகிவிட்டேன்.

திருப்பூரில் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியில் நான் உணவு ஆலோசகர். லிஃப்டுக்கும் ஸ்கேன் அறைக்கும் நடுவே, முன்பு வீல்சேர் நிறுத்திவைத்த இடம்தான் என் அறை. ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஒரு எடை மெஷின், அளவு காட்டுவதற்குப் பிளாஸ்டிக்கில் செய்த ஒரு இட்லி. வாரத்துக்கு ஒரு குழந்தையாவது அந்த இட்லியைக் கடித்துவிட்டு என்னை முறைக்கும்.

சொல்ல வந்தது ஒரு பனியன் கம்பெனி முதலாளியையும் அவர் மனைவியையும் பற்றி. முதலாளி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். செக்கிங், அயர்னிங், பேக்கிங் மட்டும் செய்கிற சின்ன யூனிட். நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். நெசவுக் குடும்பம். நெற்றியில் திருநீறு, மொபைல் திரையில் முருகன், இடுப்பைச் சுற்றி நல்ல சுற்றளவு. வயது ஐம்பத்திரண்டு. ரத்தத்தில் கெட்ட கொழுப்பும் ட்ரைகிளிசரைடும் ஏறியிருந்தன. சர்க்கரை வரலாமா வேண்டாமா என்று வாசலில் நின்றுகொண்டிருந்தது. டாக்டர் என்னிடம் அனுப்பினார்.

"நேத்து காலையில எழுந்ததுல இருந்து சொல்லுங்க" என்றேன்.

"ரெண்டு இட்லிங்க. கொஞ்சூண்டு சட்னி. மத்தியானம் ஊட்டுக்கு வந்து ஒரு கைப்பிடி சோறு, கொழம்பு, பொரியல். நாலு மணிக்கு ஒரு டீ, சக்கரை இல்லாம. ராத்திரி ரெண்டு தோசை. அவ்வளவுதானுங்க."

"எண்ணெய்?"

"சட்டி காயாம இருக்கோணுமில்லீங்க, அதுக்கு மட்டும்."

"தேங்காய்?"

"வாசனைக்கு."

பக்கத்தில் அவர் மனைவி, நாற்பத்தைந்து வயதிருக்கும், மடியில் பையை வைத்துக்கொண்டு சுவரிலிருந்த உணவுப் பிரமிடு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.  அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

சொன்னதையெல்லாம் கூட்டினேன். நாளொன்றுக்கு எண்ணெய் மூன்று டீஸ்பூன். நெய் இல்லை, வெல்லம் இல்லை. பழனி மலையில் தவம் இருக்கிறவர்கூட இதைவிடக் கூடுதலாகச் சாப்பிடுவார். எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் டாக்டர் கூப்பிட்டார்.

"நீங்க எழுதியிருக்கற ஆளும் ரிப்போர்ட்ல இருக்கற ஆளும் வேற வேற ஆளா இருக்காங்களே" என்றார். "வாயால சொன்னதை மட்டும் வெச்சு எழுதாதீங்க. மாச மளிகையைக் கேட்டுப் பாருங்க. வீட்டுக்குள்ள என்ன போகுதுன்னு தெரிஞ்சா அப்புறம் வாய்க்குள்ள போறதைப் பேசலாம்."

அதில் எனக்குக் கொஞ்சம் ரோஷம். படிப்பில் இந்த முறையைப் படித்தவள்தான். ஒரு வீட்டில் மாதத் தொடக்கத்தில் எவ்வளவு மிச்சம் இருந்தது, எவ்வளவு வாங்கினார்கள், வெளியிலிருந்து சும்மா வந்தது எவ்வளவு, மாதக் கடைசியில் எவ்வளவு நின்றது, சமையலுக்கல்லாமல் போனது எவ்வளவு எல்லாம் கேட்டுக் கழித்து, வருவதை அந்த வீட்டில் எத்தனை பேர் எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்பதால் வகுக்க வேண்டும். வகுத்து வருவது சராசரி. யார் தட்டில் எவ்வளவு விழுந்தது என்று அது சொல்லாது. ஆனால் மூன்று டீஸ்பூன் கதைகளை உடைக்க அது போதும்.

அடுத்த வாரம் முதலாளி தாமே பட்டியலைக் கொண்டுவந்தார், அக்காவும் கூட வந்தார். மளிகைக்காரர் மாதா மாதம் அவருடைய போனுக்குத்தான் அனுப்புவாராம். பணம் கட்டுகிறவர் அவர். படிக்கிறவர் இல்லை. ஒரு டீஷர்ட்டுக்கு எத்தனை மீட்டர் நூல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுகிற மனுஷர், அந்தப் பட்டியலைப் பத்து வருடத்தில் ஒரு தடவைகூடக் கீழே வரை தள்ளிப் பார்த்ததில்லை.

கடலை எண்ணெய் ஆறு லிட்டர். வெல்லம் ஏழு கிலோ. நெய் ஒரு லிட்டர். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் தனி. தேங்காய் என்று ஒரு வரிகூட இல்லை.

"தேங்காய் வாங்கறதில்லையா?"

"எதுக்குங்க வாங்கோணும்? மாமியா ஊடு மடத்துக்குளம் பக்கம். தோப்பு இருக்குது. மாசம் ஒரு மூட்டை வந்துருமுங்க."

"மூட்டையில எத்தனை?"

"நாப்பது இருக்குமுங்க. அது சும்மா வர்றதுதானுங்களே, அதை எதுக்குக் கணக்குல எடுக்கறீங்க?"

சும்மா வந்த தேங்காயில் கொழுப்பு இருக்காது என்று உடம்புக்கும் யாராவது சொல்லியிருந்தால் நன்றாயிருக்கும். நான் குறித்துக்கொண்டேன். வீட்டில் மூன்று பேர்: அவர், அக்கா, பிளஸ் டூ படிக்கிற மகள். மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டல், மாதத்தில் எட்டு நாள் வீட்டுச் சாப்பாடு. ஆக மூன்று முப்பது தொண்ணூறு, கூட எட்டு, தொண்ணூற்றெட்டு ஆள்-நாள். போன மாத மிச்சமும் இந்த மாத மிச்சமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று அக்கா தலையசைத்தார். ஆறாயிரம் மில்லியைத் தொண்ணூற்றெட்டால் வகுத்தேன். அறுபத்தொன்று.

இங்கேதான் நான் கெட்டிக்காரத்தனம் காட்டினேன். "நீங்க சொன்னது மூணு டீஸ்பூன். கணக்குல வர்றது பன்னெண்டு டீஸ்பூன் சார். இதுல நெய் சேர்க்கலை, தேங்காய் சேர்க்கலை" என்றேன். எங்கேயோ டீச்சராகப் போயிருக்க வேண்டியவள்.

முதலாளி மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். "ஏம்புள்ள, அத்தனையும் என் வயித்துலயா ஊத்தற?"

அக்கா பிரமிடு படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. அப்போதாவது நான் சுதாரித்திருக்க வேண்டும். சமையல் தவிர வேறு எதற்கு எண்ணெய் போகிறது என்று கேட்காமலே வகுத்துவிட்டிருந்தேன். படித்த முறையில் பாதியைத்தான் செய்திருந்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அக்கா தனியாக வந்தார். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"அம்மிணி, அந்தக் கணக்கு தப்புங்க."

"எதுக்கா தப்பு? விளக்குக்குப் போகுதா?"

"வெளக்குக்கு நல்லெண்ணெய். தலைக்குத் தேங்காய் எண்ணெய். அது வேற."

"சரி, தேங்காய்? சாமிக்கு உடைக்கறது போக எவ்வளவு மிஞ்சும்?"

"செவ்வாய்க்கெழமைக்கு முருகனுக்கு ஒண்ணு ஒடைக்கறதுதானுங்க."

"உடைச்ச தேங்காய் எங்க போகும்?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சட்னிக்கு வந்துருமுங்க."

முருகன் பார்த்ததோடு சரி, சாப்பிட்டது இவர்கள்தான். அதைக் கழிக்க முடியாது என்று எழுதிக்கொண்டேன். "அப்ப எது தப்பு?"

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்தார். "யாருகிட்டயும் சொல்லீராதீங்க. நான் கச்சாயம் சுட்டு விக்கறனுங்க. சனிக்கெழமை தேங்காய் ஒப்புட்டு."

வாரத்தில் மூன்று நாள், முதலாளி காலையில் யூனிட்டுக்குப் போனதும் ஊறவைத்த அரிசியை இடித்து, வெல்லம் போட்டு, எண்ணெயில் பொரித்து, அதிரசம் மாதிரி இருபத்தைந்து கச்சாயம். சனிக்கிழமை நெய் ஊற்றி இருபது ஒப்புட்டு, அதாவது போளி. ராயபுரத்தில் அவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தூத்துக்குடிப் பெண் இருந்தாள். நான்கு மணிக்கு டீ கேனைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாகப் போகிறவள். அவள்தான் விற்பனை. ஒன்றரை வருடமாக நடக்கிறது. எண்ணெய், வெல்லம், நெய் எல்லாம் வீட்டு மளிகைப் பட்டியலில், அதாவது முதலாளியின் பணத்தில். வருகிறது முழுதும் அக்காவுக்கு. இவ்வளவு சுத்தமான தொழிலைத் திருப்பூரிலேயே நான் கேள்விப்பட்டதில்லை.

"அந்தப் பொண்ணு எந்தெந்தக் கம்பெனிக்குப் போவா?"

"நாலஞ்சு கம்பெனிக்குப் போகுமுங்க." கதவைத் திரும்பிப் பார்த்தார். "எங்க யூனிட்டுக்கும்."

"சார்?"

"தெனமும் ரெண்டு எடுத்துக்குவாராமுங்க. கச்சாய நாள்ல ரெண்டு கச்சாயம். சனிக்கெழம ரெண்டு ஒப்புட்டு."

சர்க்கரை இல்லாத டீ எனக்கு ஞாபகம் வந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"தெரிஞ்சு எதுக்குக்கா குடுத்தீங்க?"

"அவரு ஒடம்புக்கு ஆகாதுன்னு இப்பத்தானுங்க தெரியும். ரெண்டுதானேன்னு உட்டுட்டன்." பையின் வாரைப் பிடித்துத் திருகினார். "அந்தப் பொண்ணு வந்து சொல்லுமுங்க. 'சாரு இன்னைக்கு சூப்பர்னு சொன்னாவ, ரொம்ப நல்லாருக்குன்னாவ'ன்னு. கல்யாணமாகி இருவத்திமூணு வருசம். ஊட்டுல ஒருநா சட்னி நல்லாருக்குன்னு சொன்னதில்லீங்க. அதைக் கேக்கறதுக்காவே வாசல்ல நிப்பன்."

 அதற்கு என்னிடம் அட்டவணை எதுவும் இல்லை.

கணக்கை ஒழுங்காகப் போட வேண்டும் என்றால் ஒரு கச்சாயம் எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்று தெரிய வேண்டும். புத்தகத்தில் சராசரி இருக்கும். அக்காவின் கச்சாயம் புத்தகத்தில் இருக்காது. அந்த வெள்ளிக்கிழமை எனக்கு வார விடுமுறை. அளவுக் குவளை, சமையல் தராசு இரண்டையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

வாணலியில் ஒரு லிட்டர் அளந்து ஊற்றினோம். இருபத்தைந்து கச்சாயமும் சுட்டு முடித்து, ஜல்லிக் கரண்டியால் அழுத்தி வடித்து, எண்ணெய் ஆறும்வரை உட்கார்ந்திருந்தோம். வடிகட்டி அளந்தபோது முக்கால் லிட்டர். கால் லிட்டர் கச்சாயத்துக்குள் போயிருந்தது, ஒன்றுக்குப் பத்து மில்லி, அதாவது இரண்டு டீஸ்பூன். மாவு பிசையும் முன்பே வெல்லத்தை எடை போட்டிருந்தோம். ஒன்றுக்குப் பதினைந்து கிராம். ஆய்வின் பொருட்டு நான் மூன்று சாப்பிட்டேன். நான்காவதை அக்கா காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டார். மறுக்கிற அளவுக்கு எனக்குத் தொழில் பக்தி இல்லை.

"நல்லாருக்குங்களா?" என்றார்.

"சார் சொன்னது உண்மைதான்க்கா."

அன்றைக்கு ஒப்புட்டின் கணக்கையும் அவர் வாயாலேயே வாங்கினேன். எண்பது ஒப்புட்டுக்கு மாதம் நானூறு மில்லி நெய், ஒன்றேமுக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வெல்லம், எட்டுத் தேங்காய்.

மறுபடி உட்கார்ந்து கழித்தேன். மாதத்துக்குப் பன்னிரண்டு தடவை கச்சாயம் என்றால் மூன்று லிட்டர் எண்ணெய் வீட்டை விட்டு வெளியே போய்விடுகிறது. கறுத்துப்போன அடி எண்ணெய் என்று கால் லிட்டர் கொட்டுகிறார். மிச்சம் இரண்டே முக்கால் லிட்டர். ஆளுக்கு நாளைக்கு இருபத்தெட்டு மில்லி, ஐந்தரை டீஸ்பூன். அறுபத்தொன்று இல்லை, பதினைந்தும் இல்லை. வெல்லம் வீட்டில் அனேகமாக ஒன்றுமே இல்லை. ஏழு கிலோவில் ஆறு கிலோவுக்கு மேல் டீ கேனோடு ஊர் சுற்றப் போய்விடுகிறது. நெய் ஆளுக்கு ஒரு டீஸ்பூன் சொச்சம்.

வீட்டுக்குள் உண்மையான ஆசாமி தேங்காய். நாற்பதில் ஒப்புட்டுக்கு எட்டு, பக்கத்து வீட்டுக்கு எட்டு கொடுத்ததுபோக இருபத்து நான்கு. பருப்பை எடை போட்டுப் பார்த்தால் ஆளுக்கு நாளைக்கு ஐம்பது கிராமுக்கு மேல், ஏறக்குறைய அரை மூடி. சட்னி, குழம்பு, பொரியல், மூன்றிலும். அதைத்தான் அவர் வாசனை என்றார்.

அப்புறம் முதலாளிக்கு மட்டும் தனியாகக் கூட்டினேன். கச்சாய நாளில் வீட்டு எண்ணெய் இருபத்தெட்டு, நான்கு மணிக்கு இருபது. வெல்லம் முப்பது கிராம். அவருடைய தாளில் 'மாலை சிற்றுண்டி, வெளியிலிருந்து' என்று மட்டும் எழுதினேன். எங்கிருந்து என்று எழுதவில்லை. அக்கா சொல்லச் சொல்லும்வரை அது என் வேலை இல்லை.

டாக்டர் அந்தத் தாளைப் பார்த்து, "இப்ப ஆள் தெரியறார்" என்றார்.

முதலாளியையும் அக்காவையும் கூப்பிட்டு, முதல் கணக்கு தப்பு, நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று சொன்னேன். முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம். மனைவியைப் பெருமையாகப் பார்த்தார். நான் தேங்காயைப் பாதியாக்கச் சொன்னேன், எண்ணெயில் ஒன்றரை டீஸ்பூன் குறைக்கச் சொன்னேன். அதற்கெல்லாம் தலையாட்டினார்.

"நாலு மணி டீயோட கடிக்கறதை நிறுத்திருங்க சார்."

முகம் மாறியது. "கடிக்கறதுங்களா?"

"கச்சாயம்."

யார் காட்டிக்கொடுத்தது என்பதுபோல் சுவரைப் பார்த்தார். பிளாஸ்டிக் இட்லியைப் பார்த்தார். பிறகு சரணடைந்தார். "அம்மிணி, எது வேண்ணா உடறன். அதை மட்டும் கேக்காதீங்க. ஒரு பொண்ணு கொண்டாருமுங்க. எங்க சுடறாங்களோ தெரியல. என்ன பதம், என்ன மணம்! எங்க ஊட்டுலயும் ஒருக்கா சுட்டாங்க. செங்கல்லுங்க. அந்தப் பொம்பளைகிட்டப் போய்க் கத்துக்கிட்டு வான்னு சொன்னா இவளுக்குக் கோவம் வருது."

"செங்கல்லா?" என்றார் அக்கா.

அந்த அறையில் அவர் கணவரைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"கோவிச்சுக்காத புள்ள, உள்ளதைச் சொன்னன்..."

"நீங்க தெனம் திங்கறீங்களே ரெண்டு, அந்தச் செங்கல்லச் சுட்டது ஆருன்னு நினைக்கறீங்க? நாந்தான்! ஒன்றரை வருசமா நாந்தான் சுடறன்! உங்க எண்ணெய்ல, உங்க வெல்லத்துல, உங்க அடுப்புல!"

ஸ்கேன் அறையின் நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடினாள்.  முதலாளி முகத்தில் கணக்கு ஓடுவதை நான் பார்த்தேன். ஒன்றரை வருடம், வாரம் ஆறு நாளில் நான்கு, தடவைக்கு இரண்டு, ஒவ்வொன்றுக்கும் கையில் காசு கொடுத்தது.

"அப்ப," என்றார் மெதுவாக, "எம்பட வெல்லத்தையே எனக்கு வித்தயா?"

"ஆமா."

"என்கிட்டயேவா?"

"நீங்கதான் நெறைய வாங்குவீங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு."

முதலாளி எழுந்தார். ஒரு நிமிடம், சண்டை வெடிக்கும் என்றே நினைத்தேன். ஆனால் அவர் எடை மெஷின் மேல் போய் நின்றார், ஏன் என்று தெரியவில்லை, எண்ணைப் பார்த்தார், இறங்கினார். பிறகு வெளியே போய்விட்டார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தப்புப் பண்ணிட்டனுங்களா?" என்றார். இல்லை என்றேன். உள்ளுக்குள் எனக்கும் உறுதியில்லை.

பத்து நாள் முதலாளி வீட்டில் பேசவில்லையாம். மத்தியானம் சாப்பாட்டுக்கும் வராமல் ஹோட்டலில் சாப்பிட்டார், என் உணவு அட்டவணை கதி அதோகதி. பதினோராம் நாள் ஒரு டீலர் யூனிட்டுக்கு வந்து டீயோடு கச்சாயம் தின்று, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டிருக்கிறார். முதலாளி கொஞ்சம் யோசித்து, "எங்கூட்ல சுட்டதுங்க" என்றாராம். டீ கொண்டுவந்த பெண் அன்றைக்கே ஓடிப்போய் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். அக்கா அதை எனக்குப் போனில் சொன்னபோது அழுதாரா சிரித்தாரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட் வந்தது. ட்ரைகிளிசரைடு நன்றாக இறங்கியிருந்தது. கெட்ட கொழுப்பு கொஞ்சம்தான். டாக்டர் மாத்திரை ஆரம்பித்தார். உணவினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் யாரிடமும் சத்தியம் செய்வதில்லை. முதலாளிக்குத் தட்டு நீட்டக்கூடாது என்று அக்கா அந்தப் பெண்ணுக்கு உத்தரவு போட்டிருக்கிறார். மாதம் ஒரு சனிக்கிழமை ஒரே ஒரு ஒப்புட்டு, அதுவும் வீட்டில், அக்கா எதிரில். அதைத் தின்றுவிட்டு அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"பரவால்லைங்கறாரு" என்றார் அக்கா. "போதும்."

மளிகைக்காரர் இப்போது இரண்டு பட்டியல் அனுப்புகிறார், வீட்டுக்கானது முதலாளி போனுக்கு, கச்சாயத்துக்கானது அக்கா போனுக்கு. முதலாளி தம் பட்டியலை இப்போது கடைசி வரி வரைக்கும் படிக்கிறாராம். போன தடவை வந்தபோது எண்ணெய் இரண்டேகால் லிட்டரை ஆள்-நாளால் அவரே வகுத்துக் கொண்டுவந்து காட்டினார். விடையும் சரியாகத்தான் இருந்தது. கேஸ் சிலிண்டர் மட்டும் இன்னும் ஒன்றேதான், அவர் பெயரில்தான் வருகிறது. அதை அவர் கவனிக்கவில்லை. அதில் கொழுப்பு இல்லை என்பதால் நானும் சொல்லவில்லை.